சாத்திய கதவும் காபித் தம்ளரும்

1. கேள்வி

"மீட்டிங்ல இருக்கேன், யாரும் உள்ள வராதீங்க."

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தபோது தமிழ்நாட்டின் பல வீடுகளில் இந்த வாக்கியம் முதன்முறையாக ஒலித்தது. அந்த ஆண்டு நவம்பரில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 'பிற சேவை வழங்குநர்' விதிகளைத் தளர்த்தியதும், வீட்டிலிருந்து வேலை என்பது தற்காலிக ஏற்பாடு என்ற நிலையிலிருந்து நகர்ந்தது. நிறுவனங்கள் பிறகு ஆட்களை அலுவலகத்துக்குத் திரும்ப அழைத்தன. ஆனாலும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் வீட்டில் இருந்தபடியே இணையவழிக் கூட்டங்களில் உட்காருகிறவர்கள் இன்னும் ஏராளம். அவர்களும் அதே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள். சொன்ன ஒன்றிரண்டு நாள் வீடு அடங்கியிருக்கிறது. மூன்றாம் நாள் கதவு மெல்லத் திறக்கிறது.

இக்கட்டுரையின் கேள்வி இதுதான்: இந்த வேண்டுகோள் ஏன் நிலைப்பதில்லை? வழக்கமாக இரண்டு விடைகள் சொல்லப்படுகின்றன. வேலை செய்பவரைக் கேட்டால், "வீட்டில் இருப்பவர்களுக்கு என் வேலை புரியவில்லை" என்பார். வீட்டாரைக் கேட்டால், "பெரிய ஆபீஸர் மாதிரி நடந்துகொள்கிறான்" என்பார்கள். இரண்டுமே குறையை மனப்பான்மையில் தேடுகின்றன. நான் அதை வேண்டுகோளின் அமைப்பில் தேடுகிறேன். கதவுக்கு வெளியே நிற்பவருக்குத் தேவையான தகவல் அந்த வாக்கியத்தில் இல்லை. அதோடு, வீட்டார் கொடுப்பதாக நினைத்துச் செய்யும் ஒன்றை அது தொந்தரவு என்று பெயர் மாற்றிவிடுகிறது.

2. ஆய்வுகள் எதைச் சொல்லியிருக்கின்றன

குறுக்கீடுகள் பற்றிய ஆய்வு பெரும்பாலும் அலுவலகத்தில் பிறந்தது. குளோரியா மார்க் தன் சக ஆய்வாளர்களுடன் 2008இல் வெளியிட்ட கட்டுரை அதில் முக்கியமானது. வேலைக்கு நடுவே குறுக்கிடப்பட்டவர்கள் மற்றவர்களைவிட விரைவாகவே வேலையை முடித்தார்கள் என்று அது கண்டது. இழந்த நேரத்தை வேகத்தால் ஈடுகட்டினார்கள். அதற்கு விலையாக மனஅழுத்தமும் எரிச்சலும் கூடின. வீட்டுச் சண்டையில் இந்த முடிவு விட்டுப்போய், வேறொன்றுதான் அடிக்கடி எடுத்துவரப்படுகிறது: "ஒரு தடவை கூப்பிட்டால் திரும்பக் கவனம் வர அரைமணி ஆகும்" என்பதுபோல.

ஆனால் கூட்டத்தில் நேரும் இழப்பு வேறு வகை. தனியே நிரல் எழுதிக்கொண்டிருப்பவரைக் கூப்பிட்டால் அவருடைய சிந்தனை அறுபடும். அந்த நட்டம் அவரோடு முடிந்துவிடும். கூட்டத்தில் குறுக்கிட்டால் அதற்குச் சாட்சிகள் இருக்கிறார்கள். மேலாளர் பார்க்கிறார், வாடிக்கையாளர் பார்க்கிறார். பல கூட்டங்களில் கவனமே தேவைப்படுவதில்லை என்பது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும். முப்பது பேர் உள்ள அழைப்பில் இருபத்தைந்து பேர் வேறு ஏதோ செய்துகொண்டிருப்பார்கள். அங்கே கெடுவது தோற்றம். எனவே கவனச் சிதறல் ஆய்வுகளைவிட எர்விங் காஃப்மன் இதற்குப் பொருத்தமானவர். மனிதர்கள் மற்றவர் முன் தங்களை அளிக்கும் முகப்பையும், அந்த ஒப்பனையைக் கழற்றிவைக்கும் பின்கட்டையும் அவர் 1950களிலேயே பிரித்துக் காட்டினார். அவருடைய எடுத்துக்காட்டுகளில் உணவகத்தின் சாப்பாட்டுக் கூடமும் சமையலறையும் உண்டு. இரண்டுக்கும் நடுவே ஒரு கதவு, அதைத் தாண்டும்போது பரிமாறுபவரின் முகம் மாறிவிடும். வீட்டிலிருந்து நடக்கும் கூட்டத்தில் அந்தக் கதவு இல்லை. சமையலறையின் நடுவிலேயே ஒரு செவ்வகத்தை வெட்டி அதை முகப்பு என்று அறிவிக்கிறோம். அதன் எல்லை எங்கே என்று கேமராவுக்குத் தெரியும், கூட்டத்தில் இருப்பவருக்கு ஓரளவு தெரியும். குறுக்கே நடந்துபோகும் மாமியாருக்குத் தெரியவே தெரியாது.

கிறிஸ்டினா நிப்பர்ட்-எங் 1996இல் எழுதிய 'வீடும் வேலையும்' என்ற நூல், இவ்விரண்டையும் மக்கள் எப்படிப் பிரிக்கிறார்கள் அல்லது கலக்கிறார்கள் என்று ஆராய்ந்தது. சாவிக்கொத்து, நாள்காட்டி, உடை போன்ற சிறு பொருள்கள்தான் எல்லையைத் தாங்கி நிற்கின்றன என்பது அதன் சுவையான கண்டுபிடிப்பு. எல்லை மனத்தில் மட்டும் இருந்தால் மற்றவர் அதை மதிக்க வழியில்லை. அது ஒரு பொருளில் இறங்கியிருக்க வேண்டும்.

அப்படி இறக்கிப் பார்த்த சோதனை ஒன்று உண்டு. மானுவேலா சூகரும் குழுவினரும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், அலுவலக ஊழியர்களின் மேசைமேல் போக்குவரத்து விளக்குபோல நிறம் மாறும் சிறு விளக்கை வைத்தார்கள். கணினியில் அவர் எவ்வளவு மும்முரமாக இருக்கிறார் என்பதைக் கொண்டு விளக்கு தானாகப் பச்சையோ சிவப்போ காட்டும். 12 நாடுகளில் 449 பேரிடம் பார்த்ததில் குறுக்கீடுகள் 46 விழுக்காடு குறைந்தன. யாரும் யாரிடமும் வாய்திறந்து எதுவும் கேட்கவில்லை. நிலைமை கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். இதை அப்படியே வீட்டுக்குப் பொருத்திவிட முடியாது. சக ஊழியருக்கும் அதே விளக்கு மேசையில் இருக்கிறது; இன்று நான் உன்னுடையதை மதித்தால் நாளை நீ என்னுடையதை மதிப்பாய் என்ற கொடுக்கல் வாங்கல் அங்கே உண்டு. அடுப்படியில் நிற்கும் அம்மாவின் தலைமேல் எந்த விளக்கும் எரிவதில்லை. அவரை எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்பது வீட்டின் எழுதப்படாத விதி.

3. பூசான், 10 மார்ச் 2017

இந்தப் பொருளில் மிகப் புகழ்பெற்ற நிகழ்வு ஊரடங்குக்கு மூன்றாண்டு முன்பே நடந்துவிட்டது. தென்கொரிய அதிபர் பார்க் கன்-ஹே பதவிநீக்கம் செய்யப்பட்ட அன்று, பூசான் தேசியப் பல்கலைக்கழகத்தின் அரசியல் பேராசிரியர் ராபர்ட் கெல்லி தன் வீட்டு அறையிலிருந்து பிபிசிக்கு நேரலையில் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். பின்னால் கதவு திறந்தது. நான்கு வயது மகள் தோளை ஆட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். அவளைத் தொடர்ந்து வாக்கரில் உருண்டபடி கைக்குழந்தை. அதன்பின் அவர் மனைவி கிம் ஜங்-ஆ சறுக்கிக்கொண்டு ஓடிவந்து இருவரையும் இழுத்துப்போனார். உலகம் சிரித்தது. கிம்மைப் பணிப்பெண் என்று பலர் நினைத்தார்கள். பிறகு அதைப் பற்றித் தனியே ஒரு விவாதம் நடந்தது.

சிரிப்பை ஒதுக்கிவிட்டு, அங்கே எது உடைந்தது என்று பார்க்க வேண்டும். அந்த வீட்டில் ஏற்பாடு இல்லாமல் இல்லை. கெல்லி வழக்கமாக அறைக்கதவைப் பூட்டிவிடுவார். குழந்தைகள் போய்த் தள்ளிப் பார்ப்பார்கள், திறக்காது, தாயிடம் திரும்பிவிடுவார்கள். அன்று பூட்ட மறந்துவிட்டார். கிம் அப்போது கூடத்தில் தொலைக்காட்சியில் வந்துகொண்டிருந்த கணவரைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். திரையில் அப்பாவைப் பார்த்த மகள் அப்பாவைத் தேடிக் கிளம்பிவிட்டாள். குழந்தைகள் திரும்பிவரவில்லை என்பதைக் கிம் உணர்ந்தபோது கதவு திறந்திருந்தது.

இதில் இரண்டு பாடம் இருக்கிறது. முதலாவது, அந்த வீட்டில் வேண்டுகோளுக்கு இடமே இல்லை. முழுப் பாரமும் ஒரு தாழ்ப்பாள்மேல் இருந்தது. நான்கு வயதுக் குழந்தைக்கு 'நேரலை' என்பதை விளக்க முடியாது, எட்டு ஒன்பது மாதக் குழந்தைக்கு எதையுமே விளக்க முடியாது என்பதால் அது நியாயமான ஏற்பாடுதான். ஆனால் ஒற்றைத் தாழ்ப்பாளை நம்பும் ஏற்பாடு அது மறக்கப்படும் நாளில் முழுதாகச் சரியும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவரின் கண் ஒரு நிமிடம் வேறு பக்கம் போனாலும் கதவு தாங்கும். கதவு திறந்திருந்தாலும் கண் தாங்கும். இரண்டும் ஒருசேரத் தவறியதுதான் அன்று நடந்தது. இரண்டாவது பாடம் குறைவாகப் பேசப்பட்டது. அந்தக் குழந்தை அப்பாவைத் தொந்தரவு செய்ய வரவில்லை. அப்பா அங்கே இருக்கிறார் என்று திரை சொன்னது, அவள் வந்தாள்.

4. கதவுக்கு வெளியே என்ன தெரிகிறது

"மீட்டிங்கில் இருக்கிறேன்" என்பது உள்ளே இருப்பவருக்கு ஒரே நிலை அன்று. குறைந்தது மூன்று நிலைகள் உண்டு. ஒலிவாங்கியை ம்யூட்டில் போட்டு, கேமராவையும் அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒன்று. அப்போது பக்கத்தில் குக்கர் விசிலடித்தாலும் ஒன்றும் ஆகாது. கேமரா திறந்திருந்து ம்யூட்டில் இருக்கும் நேரம் இன்னொன்று. சத்தம் போகாது, உருவம் போகும். பேசும் நேரம் மூன்றாவது. அப்போது இரண்டுமே போகும். ஒருமணிக் கூட்டத்தில் ஒருவர் உண்மையில் பேசுவது பத்து நிமிடமாக இருக்கலாம். வீட்டாரிடம் கேட்பதோ ஒருமணி நேர முழு அமைதி.

வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கும்: காதில் ஹெட்செட், கண் திரையில், வாய் மூடியிருக்கிறது. அம்மா எட்டிப் பார்க்கிறார். மகன் பேசவில்லை. "சாம்பாரா, ரசமா?" என்று கேட்கிறார். ம்யூட்டில் இருந்ததால் மகனும் "ரசம் போதும்மா" என்கிறான். மறுநாள் அதே நேரம், அதே காட்சி, அதே கேள்வி. இந்த முறை ஒலிவாங்கி திறந்திருக்கிறது. மகன் கையை வீசி விரட்டுகிறான், பிறகு வந்து கத்துகிறான். அம்மாவுக்குக் கிடைத்த பாடம் என்ன? விதி உண்மையில் விதியல்ல, அது மகனின் மனநிலையைப் பொறுத்தது என்பதுதான். ஒருநாள் பதில் சொல்லி, ஒருநாள் சீறுவதன்மூலம் அந்தப் பாடத்தைக் கற்றுக்கொடுத்தவன் மகன். வேண்டுகோள் தளர்ந்துபோவதற்கு நான் கண்டவரை மிகப் பெரிய காரணம் இது. "எத்தனை தடவை சொன்னாலும் கேட்க மாட்டார்கள்" என்பவர்கள், தாம் கடைசியாக எப்போது கூட்டத்தின் நடுவே திரும்பிப் பதில் சொன்னோம் என்று நினைத்துப் பார்க்கலாம்.

இது நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கு ஓர் அடையாளம் உண்டு. வீட்டார் உள்ளே வராமல், தலையை மட்டும் நீட்டிச் சைகையால் "இப்போ பேசலாமா?" என்று கேட்கத் தொடங்குவார்கள். அவர்கள் மதிக்காமல் இல்லை. நிலைமையை அறிய வேறு வழி இல்லாததால் நேரில் வந்து சோதிக்கிறார்கள். அந்தச் சோதனையே கேமராவில் விழுகிறது.

ஆகவே முதலில் செய்யத்தக்கது கேட்பதைக் குறைப்பது. நாற்காலியை ஒட்டி முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கும்படி உட்கார்ந்தால் யாரும் பின்னால் நடக்க இடமில்லை. 'குறுக்கே போகாதீர்கள்' என்ற வேண்டுகோள் தேவையற்றுப் போகிறது. ஒலிவாங்கி வாயருகே உள்ள ஹெட்செட் இருந்தால் பேசுபவரின் குரல் ஓங்கி, தூரத்துச் சத்தம் அடங்கிவிடும். ஒலி வரும் தூரம் இருமடங்கானால் திறந்த வெளியில் அதன் அளவு ஏறக்குறைய 6 டெசிபல் குறையும் என்பது இயற்பியல். சுவர்கள் எதிரொலிக்கும் அறையில் குறைவு அந்த அளவுக்கு இராது. ஆனாலும் மடிக்கணினியில் உள்ள ஒலிவாங்கியைவிட உதட்டருகே உள்ளது பெரும் வேறுபாடு. இப்படிக் குறைத்தபின் எஞ்சுவது பேசும் நேரம் மட்டுமே. அதற்குத்தான் கதவு. அந்தக் கதவும் ஒரே பொருள் கொண்டதாக இருக்க வேண்டும்: சாத்தியிருந்தால் பேசுகிறேன், ஒருக்களித்திருந்தால் கேட்டுக்கொண்டிருக்கிறேன். காலையிலிருந்து மாலைவரை சாத்தியே கிடக்கும் கதவு எதையும் சொல்வதில்லை.

5. கேட்கும் சொல்

பெனிலோப் பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் மரியாதை மொழி பற்றி 1978இல் வெளியிட்டு 1987இல் நூலாக்கிய ஆய்வு, மொழியியலில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது. அதன் மூன்று முதன்மைச் சான்று மொழிகளில் தமிழும் ஒன்று. லெவின்சன் கோயம்புத்தூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் களப்பணி செய்து திரட்டியது. ஒருவரிடம் ஒன்றைக் கேட்பது அவருடைய 'முகத்தை' அச்சுறுத்தும் செயல் என்றும், அந்த அச்சுறுத்தலின் எடை மூன்றின் கூட்டுத்தொகை என்றும் அவர்கள் சொன்னார்கள்: இருவருக்கும் உள்ள இடைவெளி, கேட்கப்படுபவரின் அதிகாரம், கேட்கும் பொருளின் சுமை. எடை கூடக்கூடப் பேச்சு சுற்றி வளைக்கும்.

இந்தக் கணக்கின்படி வீட்டில் கேட்பது எளிதாக இருக்க வேண்டும். தாய்க்கும் மகனுக்கும் இடைவெளி இல்லை. அரைமணி நேரம் உள்ளே வராமல் இருப்பது பெரிய சுமையும் இல்லை. அதனால்தானோ என்னவோ மகன் சுற்றி வளைக்காமல் "வராதீங்க" என்கிறான். ஆனால் அம்மாவின் முகம் வாடிவிடுகிறது. கணக்கு எங்கே தவறுகிறது?

யோஷிகோ மட்சுமோட்டோ 1988இல் ஜப்பானிய மொழியை முன்வைத்து எழுப்பிய மறுப்பு இங்கே உதவும். பிரவுனும் லெவின்சனும் மனிதரைத் தனக்கென்று எல்லை கொண்ட தனியாளாகப் பார்க்கிறார்கள்; மற்றவர் அந்த எல்லைக்குள் நுழைவதே அச்சுறுத்தல் என்கிறார்கள். உறவில் தனக்குள்ள இடத்தைக் கொண்டு தன்னை அறியும் மனிதருக்கு இது பொருந்தாது என்பது அவர் வாதம். தமிழ்க் குடும்பத்தை முழுதாக ஜப்பானுக்குப் பக்கத்தில் வைக்க நான் தயாராக இல்லை. ஆனால் காபித் தம்ளரைப் பொறுத்தவரை மட்சுமோட்டோ பக்கம்தான் நியாயம். கூட்டத்தின் நடுவே காபி கொண்டுவரும் அம்மா எதையும் எடுக்க வரவில்லை, கொடுக்க வருகிறார். வீட்டில் அவருடைய இடம் அந்தத் தம்ளரில் இருக்கிறது. "வராதீங்க" என்பது அவருடைய நடமாட்டத்துக்குத் தடை போடவில்லை. அவர் கொடுப்பதை வேண்டாம் என்கிறது. "தொந்தரவு பண்ணாதீங்க" அதைவிட மோசம், கொடுத்ததற்கே வேறு பெயர் சூட்டிவிடுகிறது. "நான் என்ன தொந்தரவா பண்ணினேன்?" என்று அவர் திருப்பிக் கேட்பது மொழியியல் நோக்கிலும் துல்லியமான எதிர்ப்பு.

தமிழில் மறுப்பேவல் கூர்மையானது. 'வராதே', 'வராதீங்க' என்பதில் மரியாதை விகுதி சேர்ந்தாலும் தடை தடையாகவே நிற்கிறது. 'கொஞ்சம்' சேர்த்து, 'வராம இருந்தா நல்லா இருக்கும்' என்று நிபந்தனையாக்கினால் ஒலி மென்மையாகும், தகவல் கூடாது. மென்மையைவிடப் பலன் தருவது தடையை ஏற்பாடாக மாற்றுவது. "அம்மா, ஏழரைக்கு நான் பேச ஆரம்பிப்பேன், எட்டு மணிக்கு முடிஞ்சிரும். காபியை அதுக்கு முன்னாடியே குடுத்துடுறீங்களா?" இந்த வாக்கியத்தில் 'வராதீங்க' இல்லை. கொடுப்பது மறுக்கப்படவில்லை, நேரம் மட்டும் நகர்ந்திருக்கிறது. தொடக்கமும் முடிவும் இருப்பதால் காத்திருப்பவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளலாம். சொன்னபடி எட்டு மணிக்குக் கதவைத் திறந்து, முடிந்துவிட்டது என்று வந்து சொன்னால்தான் மறுநாள் அந்த வாக்கியத்துக்கு மதிப்பு இருக்கும். இந்த இரண்டாம் பாதியைப் பெரும்பாலோர் செய்வதில்லை.

இன்னொன்றும் விட்டுப்போகிறது: அவசரமென்றால் என்ன செய்வது? விதிவிலக்கே இல்லாத தடையை வீட்டார் நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது. அப்பாவுக்கு மயக்கம் வந்தால் எட்டு மணிவரை காத்திருக்க முடியாது. கதவைத் தட்டினால் ஹெட்செட் போட்டவருக்குக் கேட்காமல் போகலாம், ஒலிவாங்கிக்குக் கேட்டுவிடலாம். கைப்பேசியைச் சத்தமில்லாமல் மேசையில் திரை மேலே இருக்கும்படி வைத்துவிட்டு, "ஒரு மிஸ்டு கால் குடுங்க, ரெண்டு தடவை வந்தா உடனே எழுந்து வருவேன்" என்பது நம் ஊருக்கு நன்றாகப் பழகிய வழி.

6. ஒரு வீடு, ஒரு மாலை

ஒரு வீட்டை வைத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம். சென்னை மேடவாக்கத்தில் இரண்டு படுக்கையறைக் குடியிருப்பு என்று வைத்துக்கொள்வோம். கணவன், மனைவி இருவரும் மென்பொருள் வேலை. கணவனின் தாயும் ஆறு வயது மகளும் உடன் இருக்கிறார்கள். மனைவியின் வாடிக்கையாளர் நியூ ஜெர்சியில். அவர்களுக்குக் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கும் அன்றாடக் கூட்டத்தில் அவள் இருந்தாக வேண்டும்.

கோடையில் அது இந்திய நேரப்படி மாலை ஆறரை. அப்போது மகள் கீழே விளையாடிக்கொண்டிருக்கிறாள், மாமியார் விளக்கேற்றிவிட்டு அமைதியாக உட்கார்ந்திருக்கிறார். மனைவி, "அத்தை, ஆறரையிலிருந்து ஏழு வரைக்கும்" என்று ஒருமுறை சொல்லியிருக்கிறாள். எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. அந்த வீட்டில் வேண்டுகோள் வெற்றி பெற்றுவிட்டது என்றே யாரும் சொல்வார்கள்.

நவம்பர் முதல் ஞாயிறன்று அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுகிறார்கள். அவர்களுக்கு ஒன்பது மணி ஒன்பது மணிதான். மேடவாக்கத்தில் அது ஏழரையாகிவிடுகிறது. திங்கட்கிழமை மாலை ஏழரைக்கு மகள் வீட்டுப்பாடத்தோடு அம்மாவைத் தேடுகிறாள், பசிக்கிறது என்கிறாள், கூடத்தில் பாட்டியின் தொடர் ஓடுகிறது, கணவனும் அடுத்த அறையில் வேறொரு அழைப்பில் இருக்கிறான். அந்த வாரத்தில் அறைக்கதவு அடிக்கடி திறக்கிறது. மனைவி நினைக்கிறாள்: முன்பெல்லாம் மதித்தார்கள், இப்போது இல்லை. உண்மையில் யாருடைய மதிப்பும் மாறவில்லை. கூட்டம் வீட்டின் ஓய்ந்த நேரத்திலிருந்து மிகப் பரபரப்பான நேரத்துக்கு நகர்ந்துவிட்டது. குளிர்சாதனப் பெட்டிமேல் ஒட்டிய தாளில் இன்னும் 'ஆறரை' என்றே இருக்கிறது. மார்ச் இரண்டாம் ஞாயிறன்று எல்லாம் பழையபடி திரும்பும். "ஒருவழியாகத் திருந்திவிட்டார்கள்" என்று அவள் தவறாக முடிவு செய்யவும் கூடும். இலண்டனோடு வேலை செய்பவர்களுக்கும் இதே ஆட்டம் உண்டு, ஆனால் அங்கே கடிகாரம் மாறுவது மார்ச்சிலும் அக்டோபரிலும் கடைசி ஞாயிறு. இரு கண்டத்தாரோடும் பேசுகிறவருடைய வீட்டில் மார்ச் நடுவில் இரண்டு மூன்று வாரம் எந்த அட்டவணையும் பொருந்தாது.

அந்த வீடு அப்போது செய்ய வேண்டியது மீண்டும் ஒருமுறை உரக்கச் சொல்வதல்ல. மகளின் சாப்பாட்டை ஏழு மணிக்கு நகர்த்தலாம். யார் பரிமாறுவது என்பது அப்போது பேசித் தீர்க்கப்பட வேண்டும். ஆறு வயதுக் குழந்தைக்கு 'அரைமணி' என்றால் ஒன்றும் தெரியாது, ஆனால் கடிகாரத்தின் பெரிய முள் கீழே ஆறிலிருந்து மேலே பன்னிரண்டுக்குப் போகும்வரை என்று காட்டினால் தெரியும். கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைக்கச் சொன்னால், கூட்டம் முடிந்ததும் அம்மா அந்தத் தாளை உட்கார்ந்து படிக்க வேண்டும். படிக்காவிட்டால் அடுத்த நாள் தாள் வேலை செய்யாது. பாட்டியின் தொடர் ஓடலாம். அறைக்கதவு சாத்தியிருந்து, ஒலிவாங்கி உதட்டருகே இருந்தால், அதன் சத்தத்தைச் சற்றே குறைத்தால் போதும். அவர் மாலை முழுதும் காத்திருந்த அந்த அரைமணியையும் பறிக்கத் தேவையில்லை.

இதெல்லாம் மூடிக்கொள்ள ஓர் அறை இருக்கும் வீட்டுக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியக் குடும்பங்களில் சுமார் 37 விழுக்காடு ஒரே அறையில் வாழ்ந்தன. வீட்டிலிருந்து குரல்வழிச் சேவை வேலை செய்யும் இளைஞர் எல்லாரும் மேடவாக்கத்துக் குடியிருப்பில் இல்லை. கதவே இல்லாத இடத்தில் கதவை மொழியாக்க முடியாது. அங்கே அவர்கள் செய்வது மொட்டைமாடிக்குப் போவது, அல்லது வீட்டார் தெருவில் போய் உட்கார்ந்துகொள்வது. பின்னதைக் கேட்கும்போது வேண்டுகோளின் சுமை உண்மையாகவே பெரியது. பிரவுன்-லெவின்சன் கணக்கு அங்கே சரியாகப் பொருந்தும்.

7. யாரால் கேட்க முடிகிறது

இதுவரை 'வேலை செய்பவர்' என்று பொதுவாகச் சொல்லிவந்தேன். அந்தப் பொதுச்சொல் ஒரு வேறுபாட்டை மறைக்கிறது.

இந்தியத் தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமற்ற வீட்டுவேலையில் ஈடுபடுவோரிடையே பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டார்கள். ஊரடங்குக்கு முந்தைய கணக்கு இது. ஊரடங்கில் ஒரே வீட்டுக்குள் இருவரும் வேலை செய்தபோது என்ன நடந்தது என்பதற்கு இங்கிலாந்திலிருந்து ஒரு சான்று உண்டு. நிதி ஆய்வு நிறுவனமும் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியும் 2020 ஏப்ரல் இறுதியிலும் மே மாதத்திலும் நடத்திய ஆய்வில், தாய்மாரின் ஊதிய வேலை நேரத்தில் 47 விழுக்காடு குழந்தைப் பராமரிப்பு போன்ற வேறு வேலைகளோடு பகிரப்பட்டிருந்தது. தந்தையரிடம் அது 30 விழுக்காடு. நாடு வேறு, வீட்டின் கட்டமைப்பும் வேறு என்பதால் எண்களை இங்கே கொண்டுவர வேண்டாம். திசையைப் பற்றி எனக்கு ஐயமில்லை.

மகன் அம்மாவிடம் "வராதீங்க" என்று சொன்னால் அம்மா வருந்துவார், பிறகு பக்கத்து வீட்டில் "அவனுக்கு வேலை அப்படி" என்று சொல்லிக்கொள்வார். அதே சொல்லை மருமகள் சொன்னால் அது வேலையைப் பற்றிய சொல்லாக நிற்பதில்லை, மாமியார்-மருமகள் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. பிரவுன்-லெவின்சன் சொன்ன மூன்று அளவைகளில் அதிகாரம் இங்கேதான் தலைகாட்டுகிறது. எனவே பல வீடுகளில் மனைவியின் வேண்டுகோள் கணவனின் வாயால் போகிறது: "அம்மா, அவளுக்கு ஏழரைக்கு கால் இருக்காம்." அந்த 'ஆம்' கவனிக்கத்தக்கது. சொல்பவன் தூதன் மட்டுமே, கேட்பவள் வேறொருத்தி என்று அந்த விகுதி காட்டிக்கொடுத்துவிடுகிறது. "ஏழரைக்கு அவ பேசணும்மா, பாப்பாவுக்கு நான் சோறு போடுறேன்" என்பது வேறு வாக்கியம். அதில் சொல்பவனும் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறான். முதல் வாக்கியம் மாமியாரிடம் போய் நிற்கிறது, இரண்டாவது அடுப்படிக்குப் போகிறது.

பூசான் வீட்டில் குழந்தைகள் பின்னால் ஓடியவர் யார் என்பதை உலகமே பார்த்தது. மேடவாக்கத்து வீட்டிலும் ஏழரை மணிக்கு இரண்டு அறைகளும் சாத்தியிருக்கின்றன, இரண்டு பேரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள், மகள் பென்சிலோடு நடுவில் நிற்கிறாள். அவள் எந்தக் கதவைத் தட்டுகிறாள் என்பதை வீட்டில் உள்ள எல்லாரும் முன்கூட்டியே அறிவார்கள், அவளுடைய அப்பா உட்பட.